எழுதியவருக்கும் பொருந்தும்

உக்குவளை இன்டர்நெட் கடையில் பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்பப் போனேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான் என்பதை நானே சொல்லியிருந்ததால், கடைக்கார நானா (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சுவரில் ஒட்டத் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்:

"பக்கத்தை மூடினால் போதாது, சைன் அவுட் செய்யவும். பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம். இறக்கிய கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யவும்."

பஸ் ஹார்ன் கேட்டதும் என் மெயில் பக்கத்தை மூடிவிட்டு ஓடினேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் நானா சிரித்தார். "தங்கச்சி, மெயிலத் தொறந்தா ஒங்க பேர்லயே தொறக்குதே!"

விண்ணப்பத்தின் பாஸ்வேர்டும் அந்த மெயிலில்தான் இருந்தது. யாராவது விண்ணப்பத்தை மாற்றியிருந்தால்? பதறிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றி, சைன் அவுட் செய்தேன்.

"நோட்டீஸ எழுதினவங்க நல்லாப் படிச்சவங்களாம்," என்றார் நானா.

"எழுதத்தான் சொன்னீங்க நானா, வாசிக்கச் சொல்லலயே!"

ஆனாலும் அறிவித்தலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இது எழுதியவருக்கும் பொருந்தும்."