புள்ளி வைத்த தேதி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராது. எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னியுங்கள். அன்று வாய் திறக்காததால்தான் இதை எழுதுகிறேன்.

பாளையம்பட்டியில் ஒரு தண்ணீர் லாரி ஷெட்டில் சீட்டு ஏற்றும் வேலை. டிரைவர்கள் தினமும் தரும் சீட்டைப் பார்த்து தேதி, ஊர், லோடு மூன்றையும் கம்ப்யூட்டர் ஷீட்டில் அடிப்பேன். மாதத்தின் முதல் தேதியிலிருந்து கடைசி தேதி வரை ஊர்வாரியாகக் கூட்டும் கணக்கை முதலாளியின் மருமகன் போட்டுக் கொடுத்திருந்தார். நோட்டை விட்டுவிட்டு அதை நம்பிய முதல் மாதம் அது.

மாதம் முடிந்து காலையில் பார்த்தால், திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நேரே சைபர் நின்றது. அங்கே ஓட்டியது ஒரே டிரைவர்தான்.

"உன் வண்டி எங்கய்யா போச்சு? தண்ணிய வானத்துக்கா ஏத்துன?" என்றார் முதலாளி.

"தெனம் ரெண்டு லோடு இறக்குனேன் மொதலாளி. குடத்தோட நின்னவுகட்ட கேளுங்க."

"அவுகதான் தண்ணி வரலன்னு போன் போடுறாக."

அந்த ஊரின் கடைசித் தெருவுக்கு எந்த மாதமும் தண்ணீர் எட்டாது. போன் அங்கிருந்துதான் வரும்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "அக்கா, சீட்ட ஒங்க கையிலதான குடுத்தேன்?"

வாங்கினேன், அடித்தேன். ஆனாலும் சைபரைப் பார்த்ததும் நான்தான் எதையோ அழித்துவிட்டேனோ என்று பயம். தலை குனிந்துகொண்டேன். டிரைவர் லாரிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ஷீட்டைத் திறந்தேன். அவர் வரிகள் எல்லாம் இருந்தன. கணக்கு அந்த வரிகள் வரை எட்டவில்லையோ என்று, அது கூட்டும் லோடு பத்தியின் எல்லையை மட்டும் நீட்டினேன். சைபர் போய் பிழை என்று வந்தது. தேதி, ஊர், லோடு மூன்று பத்திகளும் ஒரே வரியில் முடியும்படி மாற்றினேன். பிழை போய் மறுபடி சைபர்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. மற்றவர்களின் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருந்தது, இவருடையது இடப்பக்கம். அவர் சீட்டில் தேதிக்கு நடுவே புள்ளி வைப்பார். அப்படியே அடித்திருந்தேன். கம்ப்யூட்டர் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்து, கூட்டாமல் விட்டிருந்தது. ஒரு வரியில் புள்ளியை எடுத்துச் சாய்கோடு போட்டேன். சைபர் இரண்டானது. அவர் ஓட்டிய இருபத்தொரு நாளையும் மாற்றினேன். நாற்பத்திரண்டு.

முதலாளியிடம் காட்டினேன்.

"வேற ஆளுக்குச் சொல்லியாச்சே. இத வெளிய பேசாதம்மா."

டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தார். அவர் வேலை தேடித் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாராம். தப்பு என்னுடையது என்றேன்.

"காலையில அவுக கேட்டப்ப சொல்லிருக்கலாம்ல," என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் புது டிரைவர் முதல் சீட்டைக் கொடுத்தார். அவரும் தேதியில் புள்ளிதான் வைத்திருந்தார். சாய்கோடு போட்டு ஏற்றினேன்.