வண்டி கேட்ட குரல்

அண்ணன் ராஜபாளையத்தில், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் செத்த நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் பூர்வீக வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் தகராறில் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கு இருதய ஆபரேஷன் ஆனபோதுகூட ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

என் மகள் கல்யாணத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவர் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது.

"மருத்துவர் பயணம் வேண்டாம் என்று அறிவுறுத்தியுள்ளதால் திருமணத்திற்கு வர இயலவில்லை. மணமக்களுக்கு என் நல்லாசிகள்."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் வாழ்நாளில் இப்படிப் பேசியவரில்லை. கூடப் பிறந்தவனுக்கு ஆபீஸ் கடுதாசியா என்று நினைத்தேன். கும்பிடும் கை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, பந்தி வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்து பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வாதம் வாங்க அழைத்துப் போனோம். அண்ணன் உள்ளறையில் அவர்களுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருக்க, நான் கூடத்தில் அவர் மருமகளிடம் மனத்தாங்கலைக் கொட்டினேன். அவள் திகைத்துப்போய்த் தன் போனை எடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு மாமாவுக்குப் பேசினால் மூச்சு வாங்குகிறது, அந்தக் குரலைத் தம்பி கேட்கவேண்டாம், எழுதி அனுப்பு என்றாராம். அவர் பேசியதை இவள் தன் போனில் பதிந்து, அதிலிருக்கும் ஏஐ ஆப்பில் போட்டிருக்கிறாள்.

"மெசேஜா எழுது, சுருக்கமா மரியாதையா இருக்கட்டும்னு கேட்டேன் சின்ன மாமா. படிக்க நல்லா இருந்துச்சு, அப்படியே அவிய போன்லருந்து அனுப்பிட்டேன்."

குரலைப் போட்டுக் காட்டினாள். வார்த்தைக்கு வார்த்தை இளைப்பு.

"தம்பிக்கு இத மெசேஜா எழுதி அனுப்பும்மா. டாக்டர் பஸ் ட்ராவல் கூடாதுன்னுட்டாரு. கார்னா பிராப்ளம் இல்ல. வண்டி ஏதும் ஃப்ரீயா இருந்தா காலைல அனுப்பச் சொல்லு, நான் ரெடியா இருப்பேன். ஆனா ஃபோர்ஸ் பண்ணாத, அவன் டென்ஷன்ல இருப்பான். தோதுப்படலன்னா பரவால்ல, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்."

ஆப் எழுதியதில் டாக்டர் இருந்தார், ஆசீர்வாதம் இருந்தது. கார் மட்டும் இல்லை. அவர் கேட்டதே அந்த ஒன்றைத்தான். கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் மூன்று வண்டிகள் சும்மா நின்றன; டிரைவர்கள் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள்.

விடியுமுன்பே குளித்து, பட்டு வேட்டி கட்டி, முகூர்த்தம் தாண்டியும் மாமா வாசல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றாள் மருமகள்.

அண்ணன் மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதல. மெசேஜு எப்படியும் போகட்டும். நான் வரலன்னதும் நீ ஏன்னு ஒரு போன் போட்டுக் கேப்பியேன்னு இருந்தேன்."