விறகுக்குப் பூச்சியம் போட்ட கதிராமன்

வெருகலிலிருந்து வந்து பாலையூற்றில் அறை எடுத்திருந்த கதிராமன் நல்ல பிள்ளைதான். வாய்தான் அவனுக்குச் சத்துரு. உலகச் சண்டைக் காலத்தில் துறைமுகத்துக் கடற்படைச் சாமான் கிட்டங்கியில் கிளாக்கர்மார் நாங்கள் ஐந்து பேர். ஒருவனுக்கும் கலியாணமாகவில்லை. ஞானமணி அக்காவிடம் மாதச் சாப்பாடு எடுத்தோம். அரிசிக் கூப்பனை அவரிடமே கொடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் தலைக்குப் பதினெட்டு ரூபாய். மத்தியானம் கிட்டங்கிக் கேற்றடிக்கு அவரே சாப்பாட்டுக் கரியர் கொண்டு வருவார். இரவில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். புருசனை இழந்த மனுசி, அந்தக் காசில்தான் சீவியம்.

ஒருநாள் மீன்துண்டு சின்னதாகப் போய்விட்டது. அவ்வளவுதான், கதிராமன் கேற்றடியிலேயே கணக்கைத் தொடங்கினான். கூப்பன் அரிசிக் காசு, தேங்காய், பருப்பு, கருவாடு, மிளகாய் எல்லாம் பன்னிரண்டு ரூபாய். மண்ணெண்ணெய் ஒரு ரூபாய்.

"விறகு?" என்று கேட்டேன்.

"பாலையூற்றுக் காட்டில பொறுக்கலாம். விறகுக்குப் பூச்சியம். ஐந்து ரூபாய் மிச்சம்! அக்கா, எங்கட தலையில நல்லா மிளகாய் அரைச்சுப் போட்டீங்கள்!"

ஞானமணி அக்கா வெறுங்கரியர்களை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் கதிராமனும் அவன் பேச்சைக் கேட்ட இன்னும் இரண்டு பேரும் அவரிடம் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது, ஆகையால் நான் அக்காவோடு ஒட்டிக்கொண்டேன்.

ஐயோ, அவன் பட்ட பாடு! விடியுமுன் எழும்பி அடுப்போடு மல்லுக்கட்டுவான். கூப்பன் கடையில் வரிசையில் நின்றதில் சனிக்கிழமை அரைநாள் சம்பளம் போனது. பிந்தி வந்து தலைமைக் கிளாக்கரிடம் இரண்டு முறை ஏச்சு வாங்கினான். இந்த நேரத்தையெல்லாம் அவன் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதினானோ தெரியாது. கேட்டால் மட்டும், "மிச்சம்தான்" என்பான். பிறகு கார்த்திகை மழை பிடித்தது. காட்டு விறகு ஊறிப்போய் வெறும் புகைதான் வந்தது. கூப்பனுக்குக் கிடைத்த மண்ணெண்ணெய் மாதம் பாதியிலேயே முடிந்தது. கடையில் விறகு வாங்கினால் அந்தப் பூச்சியம் பொய்யாகிவிடும். அந்த வீம்பு அவனை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமோ?

கிட்டங்கிக்குள் உடைந்த பெட்டிப் பலகைகள் காய்ந்து கிடந்தன. கதிராமன் அவற்றைத் துண்டு துண்டாக முறித்துத் தன் வெறுங்கரியருக்குள் அடைத்தான். கடற்படைச் சாமான்! ஒரு ஆணியை வெளியே கொண்டுபோனாலும் வேலை போகும்.

அன்று பின்னேரம், நாங்களெல்லாம் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கேற்றுக் காவல்காரர் ஸைனுலாப்தீன் எல்லாருடைய கரியரையும் திறக்கச் சொன்னார். நான் கதிராமனுக்குப் பின்னால் நின்றேன். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. மத்தியானக் கரியர்களைத் திருப்பி எடுக்க ஞானமணி அக்காவும் வந்து நின்றார்.

மூடி திறந்தது. "இதென்ன தம்பி, பலகைச் சோறோ?" என்றார் ஸைனுலாப்தீன். யாரும் சிரிக்கவில்லை.

அக்காதான் முன்னே வந்தார். "நான்தான் அடுப்பு பத்தவைக்கக் கொஞ்சம் கேட்டனான், நானா. அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ."

ஸைனுலாப்தீன் பலகைகளைக் கொட்டினார். "விதவை மனுசி எண்டு விடுறன். ஆனா இனி நீங்கள் கேற்றடிக்கு வர ஏலாது."

'இல்லை, நான்தான்' என்று சொல்ல அந்த இடத்தில் நேரம் இருந்தது. கதிராமன் சொல்லவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கே அவனை அறையவேண்டும் போலிருந்தது.

இருட்டுப்பட என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். குசினி வாசலில் நின்று அழுதான். "வெக்கமா இருக்குதக்கா. உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல் இருக்கு. விடிய ஸைனுலாப்தீன் நானாட்ட உண்மையைச் சொல்லிப்போடுறன்."

அக்கா சோற்றை வடித்துக்கொண்டே திரும்பினார். "சொன்னா உங்கட வேலை போகும். வேலை போனவன் எனக்கு எப்பிடி மாசக் காசு தாறது? மூண்டு பேரைக் குறைச்சுப்போட்டீங்கள். கூப்பனைத் தாங்கோ. மற்ற ரெண்டு பேரையும் நீங்களே கூட்டிக்கொண்டு வாங்கோ. கேற்றடிக்கு நான் வர ஏலாது. மத்தியானத்தில சந்திக்கு வந்து அஞ்சு கரியரையும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போகவேணும்."

கதிராமன் தலையாட்டினான்.

"தூக்குகூலி எவ்வளவு வேணும், தம்பி? கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ."

அவன் கூப்பனை அம்மியின்மேல் வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.