'இருந்தால் நல்லது' என்ற தலைப்பு

பெங்களூரில் கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் அலுவலகத்தில் ஷைலஜா ஹெக்டேவுக்கு வேலை. கம்பெனி கேட்கும் தகுதிகளை ஒரு பக்கமும் விண்ணப்பத்தை மறுபக்கமும் வைத்து, எது இல்லை என்று வரிவரியாகப் பார்ப்பாள்.

அன்று கிடங்கு மேலாளர் வேலைக்கு வந்திருந்த நாகவேணியின் விண்ணப்பத்தை முதலாளி கிரீஷ் கழித்துவிட்டு, வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"சார், இவங்ககிட்ட என்ன இல்ல?"

"சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுற உரிமம் இல்லம்மா. பட்டியல்லயே இருக்கு, கண்ணு தெரியலயா?"

கம்பெனி அனுப்பிய மூலக் குறிப்பைத் திறந்தாள். உரிமம் 'இருந்தால் நல்லது' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. கட்டாயம் என்று கேட்டவை எல்லாமே நாகவேணியிடம் இருந்தன. தலைப்புகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக ஒட்டியவர் கிரீஷ்தான்.

"நீங்க எடுத்த ஆளுக்குச் சரக்கிருப்புக் கணக்குல அனுபவமே இல்ல. அதுதான் சார் கட்டாயம்! உரிமம் இருக்குன்னு அவரை அனுப்புவீங்க, இந்தம்மாவ வீட்டுக்கு அனுப்புவீங்களா? இது என்ன நியாயம்?"

"கத்தாதம்மா. சாயங்காலம் கம்பெனிக்கு ஆட்கள் பட்டியல் போகணும், இப்பப் போய்..."

"இப்பவே போகும்."

கட்டாயத் தகுதிகளில் குறை எதுவும் இல்லை, விருப்பத் தகுதியில் உரிமம் மட்டும் இல்லை என்று எழுதினாள். நாகவேணியின் பெயரை முதலில் வைத்து, கிரீஷின் கண்ணெதிரிலேயே அனுப்பினாள்.