கிருத்திகைக்கு ஒரு ஆள்

பிரேம்குமார் இப்போது இன்ஜினீயர். ஆனாலும் எங்கே டீசல் வாடை அடித்தாலும், திருத்தணி மலையடிவார லாட்ஜில் எலெக்ட்ரீஷியனாக இருந்த நாட்களுக்கு மனசு ஓடிவிடும்.

டிப்ளமோ படித்திருந்த அவனுக்குப் பகுதிநேர பி.இ. சேர ஆசை. முதலாளி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் கல்லூரி சேர்க்கும். முதலாளி பரந்தாமனிடம் மனுவை நீட்டினான். வகுப்பு சாயங்காலம். ரயிலைப் பிடிக்க நாலு மணிக்குக் கிளம்பவேண்டும். பதிலுக்கு விடியற்காலையிலேயே வந்துவிடுவான், சாயங்கால வேலையை லாட்ஜின் இன்னொரு எலெக்ட்ரீஷியன் சுதாகர் பார்ப்பான். கிருத்திகை நாட்களில் வகுப்புக்கே போகமாட்டான்.

கடைசி வரியில் பரந்தாமன் நின்றார்.

"இன்னாடா இது? கிருத்திகை அன்னிக்கே பரீட்சை வந்துச்சுன்னா?"

"எழுதமாட்டேண்ணா."

"அப்பால எதுக்குடா படிக்கிற? ஆனா காவடிக்காரங்க ரூம் ரூமா கீறப்போ கரண்ட் போச்சுன்னா, சுதாகர் ஒருத்தனால முடியுமா? இன்னோரு ஆளைச் சொல்லு, கையெழுத்து போடறேன்."

அம்மையார்குப்பத்தில் தறி மோட்டார் பழுதுபார்க்கும் அக்கா புருஷன் துளசிங்கத்தை மறுநாளே அழைத்து வந்தான்.

"பாவா, மானத்த வாங்கிடாத" என்று காதைக் கடித்தான்.

"நீ பரீட்சைல என் மானத்த வாங்காம இருந்தா போதும்" என்றபடி துளசிங்கம் லாட்ஜின் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினார்.

பரந்தாமன் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, துளசிங்கத்தின் பெயரை எழுதச் சொன்னார். லாட்ஜ் லெட்டர்பேடில் கடிதம் தயாரானது, முத்திரையும் விழுந்தது.

அதன்பிறகு படிப்பு முடியும்வரை, நாலு மணி ஆனால் ரிசப்ஷனிலிருந்து அவர் குரல்தான் முதலில் வரும்: "டேய், ரயிலு உனக்காவ நிக்குமா? ஓடுடா!"