முப்பத்திரண்டாம் காட்சியின் மெட்டி

படப்பிடிப்பில் என் வேலை கன்டினியூட்டி பார்ப்பது. முந்தைய ஷாட்டில் எந்தக் கையில் சொம்பு இருந்தது, முந்தானை எந்தப் பக்கம் சொருகியிருந்தது என்று நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஷாட்டில் எல்லோருடைய உயிரையும் வாங்க வேண்டும். உயிரை வாங்குவது எனக்கு இயல்பாகவே வரும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆகவே அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

அந்தத் திமிருக்கு வந்த சோதனைதான் முப்பத்திரண்டாம் காட்சி. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுத்தோம். கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி அழாமலே ஒரு வருஷத்தைக் கடத்திவிட்டு, ஒரு காலையில் பம்புசெட்டுத் தொட்டியில் கால் கழுவும்போது உடைந்து அழுகிறாள். நடித்த அக்கா சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர். சினிமாவுக்குப் புதுசு. ஆனால் அழுதால் எங்கள் லைட்மேன்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள்.

அன்று காலையில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, தாலிய ரவிக்கைக்குள்ள விட்டுக்கிட்டேன். மெட்டிய மட்டும் கழட்டச் சொல்லாத. கல்யாணத்தன்னிக்கிப் போட்டது, மனசு கேக்க மாட்டேங்குது."

"விடுங்கக்கா, கால் ஃபிரேம்லயே வராது" என்றேன். ஃபிரேமை முடிவு செய்வது நானா? ஒளிப்பதிவாளரிடமும் சொல்லவில்லை, டைரக்டரிடமும் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தல்லாகுளத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் எடிட்டிங். படத்தை நிறுத்திவிட்டு எடிட்டர் திரும்பிப் பார்த்தார். "புருஷன் இருக்கானா இல்லையா?" திரையில் தண்ணீருக்கு நடுவே இரண்டு மெட்டியும் பளபளத்தன. கம்ப்யூட்டரில் அழிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தோம். ஓடுகிற தண்ணீருக்குள் ஒவ்வொரு ஃபிரேமாக அழிப்பதற்குப் பேசாமல் ஒரு நாள் காலையில் போய்த் திரும்ப எடுத்துவிடலாம் என்றார்கள்.

"அந்தம்மாகிட்ட நீ கழட்டச் சொல்லலையா?" என்று டைரக்டர் கேட்டார். நான் நோட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு, "புதுசா வர்றவங்கள வச்சு எடுத்தா இப்படித்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பழி பத்திரமாக அக்காவின் தலைக்குப் போய்விட்டது. நானும் போக விட்டேன். அடுத்த படத்தில் என்னை அசோசியேட் டைரக்டர் ஆக்குவதாகச் சொல்லியிருந்த மனிதர் அவர்.

குழுவுக்கு வாட்ஸப்பில் தகவல் எழுத வேண்டியதும் நான்தான். முதலில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதினேன். படித்ததும் டைரக்டர், "தொழில்நுட்பம்னா கேமராமேன் சண்டைக்கு வருவாரு, காரணத்த எழுது" என்றார். காரணம் என்று அக்காவை எழுத உட்கார்ந்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. அதனால் உள்ளதை எழுதினேன்.

'அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு அரைநாள் ரீஷூட். காட்சி 32 மட்டும். காரணம்: கணவனை இழந்த கதாபாத்திரத்தின் காலில் மெட்டி தெரிகிறது. அதைக் கழற்ற முடியாது என்று நடித்தவர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நான் யாருக்கும் சொல்லவில்லை. தவறு முழுக்க என்னுடையது. வேன் சிம்மக்கல்லில் காலை 4.30. மேக்கப் 5.45. மோட்டாருக்கு ஆறு மணிக்குத்தான் கரண்ட் வரும், அதனால் முதல் ஷாட் 6.30. பதினோரு மணிக்குள் பேக்கப். காலை டிபன் ஸ்பாட்டில். அதே சேலை, அதே ரவிக்கை. கொழுந்தனாக நடித்தவர் மீசையை எடுத்திருந்தால் உடனே சொல்லவும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கும் உங்களுக்கும், மறுபடி மோட்டார் போட்டுத் தரும் தோட்டக்காரருக்கும் மனமார்ந்த நன்றி.'

டைரக்டர் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அனுப்பு" என்றார், அவ்வளவுதான். அனுப்பியதும் வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. கொழுந்தன் மழமழவென்ற முகத்தோடு செல்பி போட்டார். அவரை முதுகுப் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மனசு லேசாகி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அக்காவின் எண்ணிலிருந்து போன். எடுத்தால் ஆண் குரல். அப்போதுதான் உறைத்தது: குழுவில் இருந்தது அவர் வீட்டுக்காரரின் எண். அக்காவிடம் சொந்தமாக போன் கிடையாது. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"ஏம்மா, படத்துல நான் துபாய்ல இருக்கேன்னுல்ல எங்க வீட்டம்மா சொல்லுச்சு? நீ செத்துப் போயிட்டேன்னு எழுதியிருக்க?"

யோக்கியமாக நடந்துகொள்கிறேன் பேர்வழி என்று, விதவை வேஷம் என்று அக்கா வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததை ஊருக்கெல்லாம் போட்டு உடைத்திருந்தேன். அவர் 'நீ போக வேணாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் காட்சி இல்லை. காட்சியைவிட, அந்த அக்கா இனி ஒருபோதும் கேமரா முன்னால் நிற்க மாட்டார். அதை நினைத்துத்தான் பயந்தேன்.

"அண்ணே, அது கதைதாண்ணே..."

"கதைன்னு தெரியும். எப்படிச் செத்தேன்?"

"லாரி மோதிண்ணே."

"தப்பு யாரு மேல? லாரி மேலயா, எம் மேலயா?"

"லாரி மேலதாண்ணே."

"அப்பச் சரி" என்றார். பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. "குடிச்சுச் செத்தேன்னு வச்சிருந்தீகன்னா அனுப்பியிருக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம நானும் வாரேன்."

வந்தார். சலவைச் சட்டையோடு வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவருக்கு வழி நெடுக யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் இறங்கியதும் யாரும் கேட்காமலே தொட்டி ஓரமாகக் குத்துக்காலிட்டு, அக்காவின் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்து, மெட்டியை நெகிழ்த்திக் கழற்றினார். அக்கா கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான்தான் பக்கத்துலயே நிக்கிறேன்ல, எனக்கு என்ன ஆகிறப் போகுது?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டைரக்டர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

மோட்டார் ஓடியது. டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். அக்கா கால் கழுவினார், குனிந்தார், முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க அழுதார். போன தடவையைவிட நன்றாக இருந்தது. நான் மானிட்டரில் கால் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் விரல்கள். சரியாக இருந்தது. அப்போது என் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏய், அழுவாதடி. இந்தா இருக்கேன்ல நானு."

மைக்கில் அத்தனையும் பதிவானது. அக்கா அழுதபடியே சிரித்துவிட்டார். மொத்த யூனிட்டும் சிரித்தது. டைரக்டர் கட் சொல்லவே மறந்து நின்றார். எனக்கு மட்டும் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

இரண்டாவது டேக் ஓகே ஆனது. வீணாகும் ஒவ்வொரு டேக்குக்கும் நோட்டில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. மெட்டி விஷயத்துக்குப் பிறகு எதையும் எழுதாமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எழுதினேன்: 'காட்சி 32, டேக் 1, வீண். காரணம்: இறந்தவர் ஆறுதல் சொல்லிவிட்டார்.'