கிளி பார்க்கும் பக்கம்

இராஜபாளையத்தில் ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் டை செய்கிறேன். பலகையில் அட்டை வெட்டும் கத்தித் தகட்டை வளைத்துப் பதிக்கும் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். கம்ப்யூட்டரில் பெட்டி வரைய, பொத்தான்களின் படங்களைப் பார்த்தே பழகினேன்.

நானே முழுதாக வரைந்த முதல் பெட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு. ஆடித் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு நூல் கட்டிக் கட்டிக் கடைப் பெண்களுக்கு விரல் வெந்துவிடுகிறது, கட்டாமலே மூடி நிற்க வேண்டும், இல்லையென்றால் சிவகாசியில் கொடுத்துவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார்.

வெட்டும் கோடு சிவப்பு, மடிக்கும் கோடு பச்சை. முன், பின், இரு பக்கங்கள், ஓரத்தில் பசை தடவும் பட்டை. பட்டையில் மை படாமல் வெறுமையாக விட்டேன். வழக்கம்போல மூடியைப் பின்பலகையோடு சேர்த்து, அதன் நுனியில் உள்ளே செருகும் நாக்கு வைத்தேன். நாக்கு மடியும் இடத்தில் இருபுறமும் சிறு வெட்டு. பக்க மடிப்புகள் அதில் மாட்டி, மூடியைத் திறக்கவிடாமல் பிடிக்கும். முன்பலகையில் கிளிப் படம், மூடியில் கடைப் பெயர்.

அக்கா வந்ததும் திரையில் மடித்துக் காட்டினேன். தட்டையாகக் கிடந்தது எழுந்து பெட்டியானது. அவர் இடது உள்ளங்கையை ஏந்தி, வலது கையால் இல்லாத கரண்டியை நீட்டினார்.

"தம்பி, கிளி, வாங்க வந்தவியளப் பாக்கணும். அப்பொ மூடி எம் பக்கம்லா எந்திச்சு நிக்கி? கரண்டி எங்கிட்டுப் போகும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு ஆள் முன்னால் வாய் எழாது. மூடியைப் பின்பலகையிலிருந்து எடுத்து, கிளி இருந்த முன்பலகையின் தலையில் வைத்தேன். தலைகீழாகக் கிடந்த மூடி எழுத்தைத் திருப்பினேன். கிளிக்கு மேலே நேராக நின்றது. மறுபடி மடித்தேன். இப்போது மூடி வாங்குபவர் பக்கம் சாய்ந்து கிடந்தது. நாக்கு செருகும் இடம் அக்காவின் கட்டைவிரலுக்கு நேரே.

ஒரு மாதிரியை அட்டையில் வெட்டிக் கோடழுத்தி ஒட்டிக் கொடுத்தேன். அக்கா கொண்டுவந்திருந்த தூக்குவாளியிலிருந்து பால்கோவாவை அள்ளிப் போட்டார். கரண்டி எதிலும் இடிக்கவில்லை. பெட்டி ஏந்திய கையின் கட்டைவிரலாலேயே மூடியை இழுத்துச் செருகினார். 'டக்' என்று மாட்டிக்கொண்டது. கவிழ்த்து உலுக்கினார். திறக்கவில்லை.

"நூல்கண்ட அடுப்புல போட்டுருதேன்," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, வாயில முத்தா வச்சிருக்கீரு? பொட்டி மட்டும் பேசுது."

தேருக்கு முந்தின நாள் அந்தக் கடைக்குப் போனேன். கல்லா முன்னே நாலு வரிசைக் கூட்டம். ஒரு கை ஏந்த, ஒரு கை அள்ள, 'டக் டக்' என்று மூடிக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் என் கிளி நேருக்கு நேர் பார்த்தது. நானும் வரிசையில் நின்று ஒன்று வாங்கினேன்.